தட்டில் பெல்ட் இருந்தும் தட்டுப்பாடு: கொன்சைன்மென்ட் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அருவி வெட்டுக் காலத்தில் கிளிநொச்சி உதிரிப்பாகக் கடைகளில் திரும்பத் திரும்பக் கேட்கும் பேச்சு இது. "அண்ணை, இந்த சைஸ் பெல்ட் இருக்கோ?" "முடிஞ்சுது தம்பி, வெள்ளிக்கிழமை லொறியிலை வருது." வெட்டு மெசின் வயலில் நிற்கும். மழை இருட்டும். மெசின்காரர் வவுனியாவுக்கு மோட்டர்சைக்கிளில் ஓடுவார்.

இதைத் தவிர்க்கத்தான் கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருக்கும் இறக்குமதியாளரிடம் சாமானைக் கொன்சைன்மென்டாகக் கேட்கிறோம். சாமான் எங்கள் தட்டில் இருக்கும், விற்கும்வரை அது அவருடையது, விற்றதற்கு மட்டும் காசு. அவர் அதற்கு உடன்படாவிட்டால் முன்கணிப்பைக் கொடுத்து, அவருடைய ஸ்டோரிலேயே எங்களுக்கென்று ஒதுக்கி வைக்கச் சொல்லலாம். இரண்டுக்கும் அடிப்படை ஒரு தாளில் நாங்கள் எழுதிக் கொடுக்கும் எண்கள்தான். புதிதாகக் கடை தொடங்குபவர்கள் பிழை விடுவதும் அந்தத் தாளில்தான்.

விற்ற கணக்கைத் தேவை என்று எழுதுவது

எத்தனை தரம் சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கிற பிழை இது. பார்க்கும்போது இன்றும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் எழுதியவருக்குக் கணக்கு சரியாகவே தெரியும்.

ஒரு பெல்ட் சைஸை எடுத்துக்கொள்வோம். எட்டுக் கிழமை அருவி வெட்டில் பில் புத்தகப்படி 24 விற்றிருக்கிறது. எட்டால் பிரித்தால் கிழமைக்கு 3. அதை எழுதி அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் கிழமை கிழமையாகப் பிரித்துப் பாருங்கள். முதல் இரண்டு கிழமையில் 5, 7. அடுத்த இரண்டிலும் பூச்சியம். பிறகு 6, 6. கடைசி இரண்டிலும் பூச்சியம். அந்தப் பூச்சியங்கள் ஆட்கள் வராததால் வந்தவை அல்ல, தட்டில் பெல்ட் இல்லாததால் வந்தவை. பெல்ட் இருந்தது நான்கு கிழமைதான், அந்த நான்கில் 24 போயிருக்கிறது. உண்மையான தேவை கிழமைக்கு 6.

இந்தப் பிழை எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். ஓடர் கொடுத்துச் சாமான் கடைக்கு வர இரண்டு கிழமை, பாதுகாப்புக்கு இன்னொரு கிழமை என்று வைத்தால், கிழமைக்கு 3 என்ற கணக்கில் 9 பெல்ட் மிஞ்சும்போது ஓடர் போடுவீர்கள். உண்மையில் கிழமைக்கு 6 போவதால் அந்த 9 ஒன்றரைக் கிழமையில் முடியும். லொறி வர இன்னும் அரைக் கிழமை இருக்கும். சரியான கணக்கில் 18 மிஞ்சும்போதே ஓடர் போக வேண்டும். அதாவது பழைய தட்டுப்பாட்டை அளந்து, அதையே புதிய ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். கொழும்புக்காரரோ "கேட்ட அளவு தந்தேன், பிறகும் இல்லை என்கிறீர்களே" என்பார். அவர் சொல்வதில் பிழை இல்லை. அடுத்த முறை நீங்கள் கொடுக்கும் எண்ணை அவர் நம்பமாட்டார், இதில் பெரிய நட்டம் அதுதான்.

திருத்துவது கடினமில்லை. ஒவ்வொரு சைஸுக்கும் ஒரு அட்டை வைத்து, முடிந்த திகதியையும் வந்த திகதியையும் எழுதுங்கள். விற்ற எண்ணிக்கையைச் சாமான் தட்டில் இருந்த நாட்களால் மட்டும் பிரியுங்கள். போன வருடம் அட்டை வைக்கவில்லையென்றால், வந்த நாளை இறக்குமதியாளரின் பில்லில் இருந்து எடுக்கலாம். முடிந்த நாளுக்கு, அடுத்த லொறிக்கு முன்னால் உங்கள் புத்தகத்தில் உள்ள கடைசி விற்பனையைப் பாருங்கள்.

இங்கே இன்னொரு பொறியும் இருக்கிறது. சிலர் "இல்லை" என்று திருப்பி அனுப்பியவர்களை ஒரு கொப்பியில் எழுதி, அந்த எண்ணையும் விற்பனையோடு கூட்டிவிடுவார்கள். அதே மெசின்காரர் கிளிநொச்சியிலும் பரந்தனிலும் மாங்குளத்திலும் கேட்டிருப்பார். மூன்று கடைக் கொப்பியிலும் அவர் மூன்று பெல்ட்டாக நிற்பார். கொப்பியை உங்கள் கணக்குச் சரியா என்று பார்க்க மட்டும் வையுங்கள். அதுபோல, நீண்ட வெறுமைக்குப் பிறகு லொறி வந்த முதல் நாளில் காத்திருந்தவர்கள் எல்லாரும் வாங்குவார்கள். அந்த ஒரு நாளைக் கணக்கில் இருந்து எடுத்துவிட்டால் எண் ஊதிப்போகாது.

எல்லா மாதத்துக்கும் ஒரே உறுதி கொடுப்பது

மூன்று மாத முன்கணிப்பு என்றால் மூன்றும் ஒரே எடையில் இருக்கக் கூடாது. முதல் மாதத்தை "கட்டாயம் எடுப்பேன்" என்று எழுதுங்கள். இரண்டாம் மாதம் கூடவோ குறையவோ எவ்வளவு மாறலாம் என்று அளவு வையுங்கள், கால்வாசி என்று தொடங்கலாம். மூன்றாம் மாதம் தகவலுக்கு மட்டும். இப்படிப் பிரிக்காவிட்டால் அவர் எல்லாவற்றையும் உறுதி என்று எடுப்பார், நீங்கள் எதையும் உறுதி என்று நினைக்கமாட்டீர்கள். கப்பலில் வர வேண்டிய சாமானை மாசியில் கேட்டுப் பயனில்லை, அதற்கு ஆவணி, புரட்டாதியிலேயே பேச வேண்டும்.

சிறுபோகத்துக்குப் போன வருடத் தாளை அனுப்புவது

காலபோகத்தில் பரப்பு ஓரளவு நிலையாக இருக்கும். சிறுபோகம் அப்படியல்ல. இரணைமடுக்குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பார்த்து, எத்தனை ஏக்கர் செய்யலாம் என்று கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். அந்த எண் வரும்வரை சிறுபோகத்துக்கு உறுதி கொடுக்காதீர்கள். கூட்டம் முடிந்ததும், போன சிறுபோகத்தோடு ஏக்கரை ஒப்பிட்டு பெல்ட், கத்தி எண்ணிக்கையை அதே விகிதத்தில் கூட்டியோ குறைத்தோ அனுப்புங்கள். "கூட்டத்துக்குப் பிறகு ஒரு திருத்தம் வரும்" என்று முதல் கடிதத்திலேயே எழுதி வைத்தால் அவருக்கும் அது புதினமாக இராது.

ஓடாத சாமானைக் கொன்சைன்மென்டில் கேட்பது

கேட்காதீர்கள். கிழமைக்குக் கிழமை நகரும் ஐந்தாறு சைஸோடு தொடங்குங்கள்.

அவருடையதையும் உங்களுடையதையும் ஒரே ஆணியில் மாட்டுவது

தனித் தட்டு, வேறு நிற ஸ்டிக்கர், கிழமையில் ஒரு குறித்த நாளில் எண்ணிக்கை. எண்ணி முடித்ததும் தாளைப் படமெடுத்து அன்றைக்கே அனுப்புங்கள். அவர் காசை எதிர்பார்ப்பது அந்தத் தாளைப் பார்த்துத்தான். குறைந்தால் யார் கட்டுவது என்பதை முதலிலேயே எழுதிவிடுங்கள், அநேகமாக அது நீங்கள்தான். ஆணியில் மாட்டுவதே பெல்டுக்குக் கெடுதி. மெல்லிய ஆணியில் நெடுநாள் தொங்கினால் அந்த இடத்தில் மடிந்து உருக்குலையும், வெயில் பட்டால் ரப்பர் வெடிக்கும். திருப்பி அனுப்பும்போது அவர் அதை எடுக்கமாட்டார்.

மிஞ்சியதைப் பற்றிப் பேசாமல் விடுவது

பங்குனி கடைசியில் 10 பெல்ட் மிஞ்சினால், அவை எத்தனை நாளுக்குள் திரும்பும், லொறிக் கூலி யாருடையது, கடையிலேயே வைத்தால் அடுத்த போகத்தில் பழைய விலையா புதிய விலையா? இந்த மூன்றுக்கும் பதில் எழுத்தில் இல்லாத ஒப்பந்தம் முதல் அருவி வெட்டோடு முறியும்.

வெள்ளம்

2018 மார்கழியில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வந்த வெள்ளம் யாருக்கும் மறந்திருக்காது. உங்கள் கடைக் காப்புறுதி உங்கள் சாமானுக்கு மட்டும் என்றால், அவருடைய பெல்ட் நனைந்தால் ஒரு சதமும் வராது. காப்புறுதிக்காரரிடம் "மற்றவருடைய சாமானும் என் பொறுப்பில் இருக்கிறது" என்று சொல்லி, அதைப் பத்திரத்தில் எழுதுவித்த பிறகு முதல் லொறியை வரச் சொல்லுங்கள்.