மை அடிச்ச காட்ரிஜ பிரிண்டர் எடுக்குதில்லையா? ரிசெட் பண்ண முதல் அதுட முதுகைத் திருப்பிப் பாருங்க

ஆரையம்பதியில டியூஷன் குடுக்கிற டீச்சர் ஒராள் போன மாசம் கோல் எடுத்தா. "தம்பி, டவுன்ல குடுத்துக் கறுப்பு மை அடிச்சுக்கொண்டு வந்தன், நேத்து நல்லா அடிச்ச பிரிண்டர் இண்டைக்கு E, 0, 5 எண்டு மாறி மாறிக் காட்டிக்கொண்டு நிக்குது, புள்ளையளுக்கு நாளைக்கு டெஸ்ட் பேப்பர் குடுக்கணும், ரிசெட் பண்ண ஏலுமா?" எண்டு கேட்டா. இந்தக் கேள்விய நான் கேட்காத கிழமை இல்ல, அதனால அவட பிரிண்டரையே வைச்சு இத எழுதுறன். அது கெனன் MG2570S, காட்ரிஜ் கறுப்பு PG-745, கலர் CL-746. உங்களிட்ட இருக்கிறது எச்.பி. 680 மாதிரி ஒண்டு எண்டாலும் சுத்தம் பண்ணுற வேலை அநேகமா இதேதான். எப்சன் கொஞ்சம் வேற, அத கடைசியில சொல்றன்.

முதல்ல பிரிண்டர் என்ன சொல்லுது எண்டு பாருங்க

இத ஆரும் செய்யுறதில்ல, நேரா யூடியூப்பில ரிசெட் தேடுறாங்க. பிரிண்டர் ரெண்டு வேற வேற கதை சொல்லும். ஒண்டு, "மை முடிஞ்சுது". இந்த மொடலில E13, E16 எண்டு வரும், E13 எண்டா முடிஞ்சிருக்கலாம், E16 எண்டா முடிஞ்சிட்டு. மற்றது, "இந்தக் காட்ரிஜ் ஆரெண்டே எனக்குத் தெரியல்ல", அது E04, E05. டிஸ்ப்ளேயில ஒரு எழுத்துக்குத்தான் இடம், அதனால E, மறுகா 0, மறுகா 5 எண்டு ஒவ்வொண்டா மின்னும், அவசரப்பட்டு E மட்டும் பார்த்திட்டு "எரர்" எண்டு சொன்னா எங்களால ஒண்டும் சொல்ல ஏலா.

முதலாவது கதை எண்டா ஸ்டொப் பட்டன ஒரு 5 செக்கன் அமத்திப் பிடிச்சிட்டு விடுங்க, மறுபடி அடிக்கத் தொடங்கும். ஊரில ரிசெட் எண்டு சொல்லுறது அநேகமா இதத்தான். ஆனா இது மைய அளக்கிறதும் இல்ல, கணக்க நிறைச்சு விடுறதும் இல்ல, அந்தக் காட்ரிஜுக்கு மட்டும் மைக் கணக்கு பார்க்கிறத நிப்பாட்டி விடுது, அவ்வளவுதான். அதுக்குப் பிறகு மை முடிஞ்சா பிரிண்டர் உங்களுக்குச் சொல்லாது, எழுத்து மங்குறத நீங்கதான் கண்ணால பார்த்துக்கொள்ளணும்.

ரெண்டாவது கதையில இந்தப் பட்டன விடிய விடிய அமத்தினாலும் வேலையில்ல. டீச்சர் அமத்திப் பார்த்திட்டுத்தான் கோல் எடுத்தவ.

புதுக் காட்ரிஜ் எண்டா

கீழ் வாயில ஒட்டியிருக்கிற பாதுகாப்பு டேப் கழட்டிட்டா, நம்பர் சரியா, கலர் இடப்பக்கம் கறுப்பு வலப்பக்கம் போட்டிருக்கா, கிளிக் சத்தம் கேட்டதா. இவ்வளவும் பாருங்க. நம்பர் விசயத்தில கவனம், பார்வைக்கு ஒரே அச்சா இருக்கிற வேற நம்பர்க் காட்ரிஜுகள் இருக்கு, உள்ளுக்குப் போயும் இருந்திடும், பிரிண்டர் மட்டும் எடுக்காது. ரெண்டில ஒண்டு பிழைச்சாலும் பிரிண்டர் மொத்தமா நிண்டிடும் எண்டதால புதுசா போட்டத மட்டும் பார்க்காம மற்றதையும் கழட்டிப் பாருங்க.

காட்ரிஜ்ட முதுகு

பிரிண்டர் ஓனில இருக்கேக்க முன் மூடியத் திறங்க, காட்ரிஜ் ரெண்டும் நடுவுக்கு வரும். பழுதெண்டு நினைக்கிறத கீழ்ப்பக்கமா அமத்தினா கிளிக் எண்டு கழரும். வெளியில எடுத்த பிறகு பிளக்கக் கழட்டி விடுங்க.

இப்ப காட்ரிஜப் பாருங்க. அடியில ஒரு சின்னப் பட்டை, அதுதான் மை வாற இடம், அத தொடவே வேணாம். முதுகுப் பக்கம் செம்பு நிறத்தில மெல்லிய தகடு மாதிரி ஒண்டு, அதில சின்னச் சின்னப் புள்ளியா இருக்கும். பிரிண்டருக்குள்ள இருக்கிற ஊசி முனைகள் இந்தப் புள்ளிகளிலதான் வந்து முட்டுது, பிரிண்டரும் காட்ரிஜும் கதைக்கிறது அதுக்குள்ளாலதான். இந்த வகைக் காட்ரிஜில மைய அடிக்கிற ஹெட்டும் காட்ரிஜோடயே வாறதால தனியா கழட்டி மாத்திற சிப் எண்டு ஒண்டு இல்ல. "சிப் மாத்தித் தாறன்" எண்டு ஆராவது PG-745க்கோ 680க்கோ காசு கேட்டா குடுக்காதீங்க.

டீச்சர்ட காட்ரிஜ்ட முதுகில கீழ் வரிசைப் புள்ளி நாலஞ்சு கறுப்பா மினுங்கிச்சு, விரல் வைச்சா ஒட்டுது. காரணம் நிறைய மை. PG-745 சின்னது, கிட்டத்தட்ட 8 மில்லிலீட்டர்தான் கொள்ளும், உள்ளுக்கு இருக்கிறது பஞ்சு. முழுக்கக் காய்ஞ்ச காட்ரிஜுக்கே 5, 6 மில்லிலீட்டருக்கு மேல அடிக்கக் கூடாது, அதையும் மெதுவா. ஆனா கடையில "இன்னும் கொஞ்சம்" எண்டு அமத்தி அடிச்சா பஞ்சு பிடிக்க ஏலாத மை கீழால கசிஞ்சு, மூலையால வளைஞ்சு, அந்தத் தகட்டில ஏறிடும். மை கரண்ட் கடத்தும், ரெண்டு புள்ளியையும் சேர்த்துப் பிடிச்சிடும், பிரிண்டர் வாசிக்கிற செய்தி குழம்பிப் போயிடும். இதுதான் E05. சில நேரம் மை இல்லாமலும் வரும், ஆராவது விரலால தொட்ட எண்ணெய்ப் பிசுக்கு போதும். எங்கட பக்கம் வாவியும் கடலும் ரெண்டு பக்கத்தாலயும் ஈரம் அனுப்புது, மாரி காலம் முழுக்கத் திறந்து கிடந்த காட்ரிஜில மங்கல் படலம் ஒண்டு பிடிச்சிருக்கும்.

துடைக்கிற வேலை

நூல் கழராத துணி வேணும், கண்ணாடி துடைக்கிற துணி நல்லம். காய்ச்சி வடிச்ச தண்ணி, பாமசியில ஊசி மருந்துக்குக் கலக்கிற தண்ணி சின்னக் குப்பியில கிடைக்கும், அது ஒண்டு தாராளம். வாகனக் கடை பேட்டரித் தண்ணியும் சரி, ஆனா அசிட்டக் கேட்டு வாங்கிடாதீங்க, போத்தல் ரெண்டும் பக்கத்தில பக்கத்தில இருக்கும். கிணத்துத் தண்ணி வேணாம், காய்ஞ்ச பிறகு உப்பு மிஞ்சும்.

துணிய நனைச்சுப் பிழிங்க, தண்ணி சொட்டக் கூடாது. காட்ரிஜப் பக்கவாட்டில பிடிச்சுக்கொண்டு, அடியில இருக்கிற பட்டையில இருந்து விலகிப் போற திசையில, அதாவது கீழிருந்து மேல்நோக்கி, ஒரே இழுப்பா துடைங்க. போய் வந்து தேய்க்கிறதில்ல, தேய்ச்சா கீழ இருக்கிற மைய நீங்களே மேல இழுத்துப் பூசிக்கொள்ளுவீங்க. ஒவ்வொரு இழுப்புக்கும் துணிட சுத்தமான பக்கத்த மாத்துங்க, கறை வராம நிக்கும் மட்டும். ரப்பர் அழிப்பான், அரத்தாள், பிளேட் இதெல்லாம் வேணாம். அழிப்பானால தேய்ச்சுப் பளிச்செண்டு ஆக்கிட்டன் எண்டு சந்தோசப்படுற ஆக்கள் இருக்காங்க, புள்ளியில இருக்கிற பூச்சு கடதாசிய விட மெல்லிசு, அதத்தான் அவங்க தேய்ச்சு எடுத்தது.

மறுகா பிரிண்டருக்குள்ள, காட்ரிஜ் குந்தியிருந்த இடத்துட பின் சுவரில இருக்கிற ஊசி முனைகள். இதையும் துடைக்காம விட்டா சுத்தம் பண்ணின காட்ரிஜ் திருப்பிப் போட்ட உடனே மறுபடி மை பூசிக்கொள்ளும். காதுக்குப் போடுற பஞ்சுக் குச்சிய ஈரமாக்கி மெதுவா ஒரே பக்கமா இழுங்க. ஊசி ஒண்டு வளைஞ்சா பிரிண்டர் முடிஞ்சுது, அதனால இதில மட்டும் அவசரமே படக் கூடாது.

ரெண்டையும் ஒரு 10 நிமிசம் காய விடுங்க, அந்த நேரத்தில காட்ரிஜ அடிப்பட்டை கீழ முட்டாம சரிச்சு வைங்க. அரை மணித்தியாலத்துக்கு மேல வெளியில கிடக்க விடாதீங்க, வாய் காய்ஞ்சிடும். பிறகு சரிவா உள்ள விட்டு, மேல்நோக்கி அமத்தி, கிளிக் கேட்டா மூடுங்க, பிளக்கப் போடுங்க.

டீச்சருக்கு முதல் தரம் E05 போச்சு, நாலு பக்கம் அடிச்ச பிறகு திரும்பவும் வந்திட்டு. திரும்ப வந்தாத் துடைச்சது வேலை செஞ்சிருக்கு, ஆனா கசிவு நிக்கல்ல எண்டு அர்த்தம். ஒரு டிஷ்யூவ மடிச்சு அடிப்பட்டைய அதுக்கு மேல தேய்க்காம சும்மா வைச்சம், பொட்டு மாதிரி விழ வேண்டிய மை குளம் மாதிரிப் பரவிச்சு. கூட இருந்த மை எல்லாம் டிஷ்யூ குடிச்சு முடிஞ்சு ஒரு மெல்லிய கோடு மட்டும் விழும் வரைக்கும் வைச்சிருந்திட்டு, மேல லேபிளுக்குக் கீழ மை அடிச்ச ஓட்டையையும் பார்த்தம், அதில ஒட்டியிருந்த டேப் பாதி கழண்டு கிடந்திச்சு. புதுசா ஒட்டித் திருப்பித் துடைச்சுப் போட்டம், டெஸ்ட் பேப்பர் அடிச்சு முடிஞ்சுது.

துடைச்சும் எடுக்கல்ல எண்டா

அதே நம்பர்க் காட்ரிஜ் பாவிக்கிற பிரிண்டர் பக்கத்து வீட்டிலயோ கொமினிகேஷன்லயோ இருந்தா அதில போட்டுப் பாருங்க. அங்கயும் E05 எண்டா காட்ரிஜ் செத்திட்டு. இந்த ஹெட் மையச் சூடாக்கித் தள்ளுற வகை, மை இல்லாம அடிச்சுக்கொண்டே இருந்தா சூட்டத் தணிக்க ஒண்டும் இல்லாம உள்ளுக்கு எரிஞ்சு போகும். ஸ்டொப் பட்டன அமத்தி மைக் கணக்க நிப்பாட்டினவங்கதான் அநேகமா இதில மாட்டுறது. எரிஞ்சதுக்குத் துடைப்பும் இல்ல, ரிசெட்டும் இல்ல, இன்னொருக்கா மை அடிச்சா அந்தக் காசும் போகும். அங்க நல்லா அடிச்சா உங்கட பிரிண்டருக்குள்ள ஊசி முனையில பிரச்சினை.

பிளக்கக் கழட்டிக் கொஞ்ச நேரம் வைச்சுப் போடுறதும் ஒரு ரிசெட்தான், அதால போறது பிரிண்டர் தானா குழம்பி நிக்கிறது மட்டும்.

எப்சன்ல தனித் தனிக் காட்ரிஜ் போடுற பழைய மொடலுகளில உண்மையாவே சின்ன சிப் ஒண்டு பக்கத்தில ஒட்டியிருக்கும், எவ்வளவு மை போச்சு எண்ட கணக்கு அதிலதான் எழுதிக் கிடக்கு. அத நிறைஞ்சதா மாத்தி எழுத ரிசெட்டர் எண்டு கையடக்கக் கருவி விக்கிறாங்க. மைய அடிச்சிட்டுத்தான் ரிசெட் பண்ணணும், வெறும் காட்ரிஜ ரிசெட் பண்ணிப் போட்டா பிரிண்டர் நம்பி அடிக்கும், ஹெட்டுக்குள்ள காத்துப் போயிடும். கழிவு மைப் பஞ்சு நிறைஞ்சிட்டு எண்டு வாற எரர் வேற சங்கதி, அதுக்கும் காட்ரிஜுக்கும் சம்பந்தம் இல்ல.

எச்.பி.யில இன்னொரு பூட்டு இருக்கு. செட்டிங்ஸ்ல காட்ரிஜ் பாதுகாப்பு ஓனில இருக்கிற பிரிண்டரில ஒரு காட்ரிஜப் போட்டா அது அந்த பிரிண்டருக்கு மட்டும் எண்டு பதிஞ்சிடும், வேற பிரிண்டரில போட்டா பாதுகாக்கப்பட்டது எண்டு சொல்லி எடுக்காது, பிறகு செட்டிங்ஸ ஓஃப் பண்ணினாலும் ஏற்கெனவே பூட்டின காட்ரிஜ் திறக்காது. அதனால ஆராவது பாவிச்ச 680 ஒண்டு மலிவாத் தந்தா, காசு குடுக்க முதல் உங்கட பிரிண்டரில போட்டு ஒரு பக்கம் அடிச்சுப் பாருங்க.