போகான் வடிகட்டி: பழைய பட்டியலை அப்படியே ஒட்டாதீர்கள்

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் புதிதாக நெட்வொர்க் வேலைக்கு வரும் தம்பிகள் எல்லை ரவுட்டரில் போகான் வடிகட்டி போடுவதைப் பார்க்கிறேன். நல்ல பழக்கம். இணையத்தில் தலைகாட்டவே கூடாத முகவரியிலிருந்து பாக்கெட் வந்தால் ஒன்று அது போலி, இல்லையென்றால் யாரோ ரவுட்டரைத் தவறாக அமைத்திருக்கிறார்கள். வாசலிலேயே தடுத்துவிடலாம். ஆனால் "பட்டியல் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: "பழைய ரவுட்டர்ல இருந்துச்சுண்ணா."

இரண்டு வகையை ஒரே பட்டியலில் கலப்பது

போகானில் இரண்டு வகை உண்டு. 10.0.0.0/8, 192.168.0.0/16, 127.0.0.0/8, 169.254.0.0/16 போன்றவை நிரந்தரமாக ஒதுக்கி வைத்தவை. இவை மாறுவது அபூர்வம். இரண்டாவது வகை, இன்னும் யாருக்கும் கொடுக்கப்படாத முகவரிகள். இன்றைக்குக் காலியாக இருப்பது நாளைக்கு ஒருவருடைய வீட்டு இணைப்பாகிவிடும்.

2011 பிப்ரவரி 3 அன்று, உலக அளவில் ஐபி முகவரிகளைப் பங்கிடும் ஐயானா தன்னிடம் மிச்சமிருந்த கடைசி ஐந்து /8 தொகுதிகளையும் பிரித்துக் கொடுத்துவிட்டது: 102, 103, 104, 179, 185. இதில் 103 ஆசியா பசிபிக் பகுதிக்கு வந்தது. அதற்குப் பிறகு இந்தியப் பதிவகமான ஐரின் வழியாக முகவரி வாங்கிய நம் ஊர்ச் சின்ன ஐஎஸ்பிக்கள் பலவற்றிடம் இருப்பது 103தான். ஆக, 2011க்கு முந்தைய பட்டியலை இன்று ஒட்டினால் பக்கத்துத் தெருக்காரரையே தடுக்கிறீர்கள்.

ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் நடந்தது இது. வேலூரில் இருக்கும் ஏஜென்டால் கம்பெனி சர்வரில் ஃபைல் ஏற்ற முடியவில்லை. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் போகிறது, வீட்டு ஃபைபரில் போகவில்லை. உடனே பழி ஐஎஸ்பி மேல் விழுந்தது. அவர்கள் கேபிளை மாற்றினார்கள், ஓஎன்டியை மாற்றினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. பல நாள் வேலை வீண்.

இந்தக் கோளாறை அடையாளம் காண நல்ல வழி, வெளி போர்ட்டில் நேரடியாகப் பார்ப்பது. மைக்ரோடிக்கில்:

```
/tool sniffer quick interface=ether1 ip-address=103.0.0.0/8
/ip firewall raw print stats
/ip firewall address-list print where list=bogon
```

ஏஜென்டின் வீட்டு 103 முகவரியிலிருந்து SYN பாக்கெட் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது, பதில் மட்டும் போகவில்லை. போகானைத் தடுக்கும் raw விதியின் எண்ணிக்கை அதோடு சேர்ந்து ஏறியது. பட்டியலைத் திறந்தால் 102, 103, 179, 185 நான்கும் உட்கார்ந்திருந்தன. 104 மட்டும் இல்லை. கிளவுட்ஃப்ளேரின் முகவரிகள் பல அதில் இருப்பதால், சைட்டுகள் திறக்கவில்லை என்று யாரோ அந்த ஒரு வரியை மட்டும் நீக்கியிருக்கிறார்கள். அப்போதே மற்ற வரிகளையும் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்! 185 ஐரோப்பாவுக்குப் போன தொகுதி. ஏற்றுமதிக் கம்பெனிக்கு வாடிக்கையாளரே அங்கேதான்.

இன்னொன்று: raw விதி கனெக்‌ஷன் டிராக்கிங்குக்கு முன்பே ஓடுகிறது. அதனால் உள்ளிருந்து நீங்கள் தொடங்கிய தொடர்புக்கு வரும் பதிலும் அங்கேயே விழுந்துவிடும். எதிர்முனை செத்துவிட்டது போலவே தெரியும்.

சரி, எப்படி வைத்துக்கொள்வது? முதல் வகையைக் கையால் எழுதுங்கள், ஐயானாவின் சிறப்பு முகவரிப் பதிவேட்டோடு அவ்வப்போது ஒப்பிடுங்கள். இரண்டாவது வகையைக் கையால் எழுதவே வேண்டாம். ஒற்றை இணைப்பு வைத்திருக்கும் கம்பெனிக்கு அது தேவையும் இல்லை. ஐஎஸ்பி என்றால் Team Cymru நிறுவனம் தரும் ஃபுல்போகான் பட்டியலைப் பிஜிபி வழியாக வாங்குங்கள். செஷன் விழுந்தால் அந்த ரூட்டுகளும் தானாக நீங்கிவிடும், பழசு தங்காது. ஆனால் அந்த ரூட்டுகளை பாக்கெட்டைத் தூக்கி எறியும் null ரூட்டாக மட்டும் போட்டால் வெளியே போவதுதான் நிற்கும். உள்ளே வருவதை மூல முகவரி பார்த்துத் தடுக்க லூஸ் யுஆர்பிஎஃப் சேர்க்க வேண்டும்.

ஸ்கிரிப்டை நம்பி விட்டுவிடுவது

பட்டியலை ஃபைலாக இறக்கும் ஸ்கிரிப்ட் என்றால், வந்த ஃபைல் காலியா, வழக்கத்தைவிட மிகச் சிறியதா என்று பார்த்த பிறகே பழையதை மாற்ற வேண்டும். தொடர்ந்து சில நாள் இறங்கவில்லை என்றால் இரண்டாவது வகையை எடுத்துவிடுங்கள். பழசாகிப்போன பட்டியலைவிடப் பட்டியல் இல்லாததே மேல்.

100.64.0.0/10

ஐஎஸ்பி பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரியில் சேர்க்க உள்ளே பயன்படுத்தும் தொகுதி இது. உங்கள் WAN முகவரியே இதில் இருந்தால், கேட்வேயும் இங்கேதான் இருக்கும்; தடுத்தால் அதுவும் அடிபடும். முதலில் அதைப் பாருங்கள்.

224.0.0.0/4ஐ எல்லா போர்ட்டிலும் தடுப்பது

ரவுட்டர்கள் ஒன்றோடொன்று பேச இந்த மல்டிகாஸ்ட் முகவரிகளைப் பயன்படுத்தும் ஓஎஸ்பிஎஃப் விழுந்துவிடும். WANஇல் மட்டும் போடுங்கள்.

உள்ளே வருவதை மட்டும் வடிகட்டுவது

நாட் ஆகாமல் தப்பிய 192.168 பாக்கெட்டுகள் வெளியே கசிகின்றன. வெளியே போகும் பக்கமும் ஒரு விதி போடுங்கள்: உங்களுக்குக் கொடுக்கப்பட்ட முகவரி தவிர வேறு எதுவும் மூலமாகப் போகக் கூடாது.