ஈசினோபில் கூடியிருக்கிறதா? ஸ்டீராய்டுக்கு முன் ஒரு புழுவைத் தேடுங்கள்

புதிய நாட்டில் குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்துகொண்டு முதல் ரத்தப் பரிசோதனை எடுக்கும்போது, ஈசினோபில் என்னும் வெள்ளையணு கூடுதலாக இருப்பதாகச் சிலருக்குத் தெரியவரும். அறிக்கையில் விழுக்காட்டைவிட எண்ணிக்கையையே பார்க்க வேண்டும். மொத்த வெள்ளையணுக்கள் 8,000, அவற்றில் ஈசினோபில் 15 விழுக்காடு என்றால், ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1,200 உள்ளன. 500-ஐத் தாண்டினாலே அது மிகுதிதான். சில ஆய்வகங்கள் இதே அளவை 1.2 என்று எழுதும்.

ஒவ்வாமை, ஆஸ்துமா, சில மருந்துகள் ஆகியவையும் இதற்குக் காரணமாகலாம். ஆனால் வெப்பமண்டல நாடுகளில் வாழ்ந்தவர்களிடம், உடலின் திசுக்களை ஊடுருவிச் செல்லும் புழுக்களையும் தேடியாக வேண்டும். கொக்கிப்புழு, உருண்டைப்புழு, யானைக்கால் நோய்ப் புழு என்று பல இருந்தாலும், தவறவிடக் கூடாதது ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ். மண்ணிலிருந்து வெறுங்காலின் தோல் வழியாக நுழையும் இப்புழு, உடலுக்குள்ளேயே மீண்டும் மீண்டும் தொற்றிப் பெருகுவதால், ஊரை விட்டு வந்து பல பத்தாண்டுகள் ஆனபின்னும் உயிரோடிருக்கும்.

மேலே சொன்ன 1,200 எண்ணிக்கை கொண்டவருக்கு மூச்சிரைப்பும் இருக்கிறது, மருத்துவர் பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை தர நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்த இடத்தில்தான் நிதானம் தேவை. ஸ்டீராய்டு எதிர்ப்பாற்றலைத் தணிக்கும்போது புழு கட்டுக்கடங்காமல் பெருகி, குடல் பாக்டீரியாக்களை ரத்தத்துக்குள் இழுத்துச் சென்று உயிருக்கே ஆபத்தாகலாம். அதே மருந்து ஈசினோபிலையும் குறைத்துவிடும் என்பதால், எண்ணிக்கை இறங்கியதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள முடியாது.

அவர் வெவ்வேறு நாள்களில் கொடுத்த மூன்று மல மாதிரிகளிலும் எதுவும் தென்படவில்லை. இது புழு இல்லை என்பதற்குச் சான்றாகாது. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸின் முட்டைகள் குடலிலேயே பொரிந்துவிடுவதால் மலத்தில் வருவது இளம்புழுக்களே, அவையும் கொஞ்சமாக, விட்டுவிட்டுத்தான் வரும். ஆகவே ரத்தத்தில் எதிர்ப்பொருள் பரிசோதனையையும் கேட்க வேண்டும். தொற்றிய முதல் சில வாரங்களில் அதுவும் எதிர்மறையாக வரலாம் என்பதால், அண்மையில் பயணம் செய்தவர்கள் மூன்று மாதம் கழித்து மீண்டும் எடுப்பது நல்லது.

எதிர்ப்பொருள் இருப்பது தெரிந்தால் ஐவர்மெக்டின் தரப்படும். கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் வீதம், 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு வேளைக்கு 12 மில்லிகிராம். வழக்கமான பூச்சி மாத்திரையான அல்பென்டசோல் இப்புழுவுக்கு அவ்வளவு பலன் தராது. மத்திய ஆப்பிரிக்காவில் வாழ்ந்தவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அங்குள்ள லோவா லோவா புழு ரத்தத்தில் மிகுந்திருக்கும்போது ஐவர்மெக்டின் மூளையைப் பாதிக்கக்கூடும். சிகிச்சைக்குப்பின் ஈசினோபில் சில மாதங்களில் படிப்படியாக இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வேறு புழுவையோ வேறு காரணத்தையோ தேட வேண்டும்.