கோரிக்கைக் கடிதமும் தீபாவளி ஹேம்பரும்: லாபியிங் பற்றி நாம் செய்யும் தவறுகள்

2023 செப்டம்பர் 1ஆம் தேதி முதல் சிங்கப்பூரின் இந்திய உணவகங்கள் இந்தியா போன்ற நாடுகளிலிருந்து சமையல்காரர்களை வேலை அனுமதியில் வரவழைக்கலாம் என்று மனிதவள அமைச்சு விதியைத் தளர்த்தியது. தோசை மாஸ்டர் கிடைக்காமல் தவித்த லிட்டில் இந்தியா கடைக்காரர்களுக்கு அது பெரிய விஷயம். ஆள் பற்றாக்குறையைச் சொல்லி இந்தத் துறை நெடுநாள் முறையிட்டு வந்தது. அப்படி முறையிடுவதற்குப் பெயர்தான் லாபியிங். சங்கம் கடிதம் எழுதுகிறது, உறுப்பினர்களின் காலியிடங்களைக் கணக்கெடுத்து அனுப்புகிறது, நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்க்கிறது. இவை எதிலும் குற்றம் இல்லை.

ஆனால் காப்பிக்கடைப் பேச்சில் இது லஞ்சத்தோடு சேர்ந்து குழம்பிவிடுகிறது. "மேலே ஆளைப் பிடிக்காமல் நடக்குமா?" என்று ஒருவர் சொல்வார். "நான் ஒன்றும் திருப்பிக் கேட்கவில்லையே, அன்பாகக் கொடுத்தேன்" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டாமவரின் பேச்சுத்தான் அதிக ஆபத்தானது.

"பதிலுக்கு எதுவும் வாங்கவில்லை என்றால் தப்பில்லை"

இந்த எண்ணத்தை நன்றாகவே உடைத்துப் போட்டது முன்னாள் போக்குவரத்து அமைச்சர் எஸ். ஈஸ்வரனின் வழக்கு. 2024 ஜனவரியில் அவர்மீது 27 குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. அவற்றில் இரண்டு மட்டுமே ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தவை. பெரும்பாலானவை தண்டனைச் சட்டத்தின் 165ஆவது பிரிவின் கீழ் வந்தவை. செப்டம்பரில் அந்த இரண்டு ஊழல் குற்றச்சாட்டுகளும் 165ஆவது பிரிவுக்கே மாற்றப்பட்டன. ஊழலை ஐயத்துக்கு இடமின்றி நிரூபிப்பதில் உள்ள சிக்கலை அரசுத் தரப்பே ஒரு காரணமாகச் சொன்னது. அப்போது வெளியே பலர், "அப்படியென்றால் லஞ்சம் இல்லை, விட்டுவிடுவார்கள்" என்று முடிவுகட்டினார்கள். அக்டோபர் 3ஆம் தேதி நீதிபதி வின்சென்ட் ஹூங் விதித்தது 12 மாதச் சிறை. அரசுத் தரப்பு கேட்டதே ஆறேழு மாதம்தான்.

165ஆவது பிரிவு கேட்கும் கேள்வி வேறு. அரசு ஊழியர் ஒருவர், தம் அலுவலோடு தொடர்புள்ள ஒருவரிடமிருந்து, விலை கொடுக்காமலோ போதிய விலை கொடுக்காமலோ மதிப்புள்ள பொருளை வாங்கினாரா? அவ்வளவுதான். அதற்குக் கைம்மாறாக அவர் என்ன செய்தார் என்று யாரும் காட்ட வேண்டியதில்லை. ஈஸ்வரன் எஃப்1 கார்ப் பந்தயத்துக்கான அரசின் வழிகாட்டுக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர். அந்தப் பந்தயத்தின் உரிமையைக் கையில் வைத்திருந்த தொழிலதிபர் ஓங் பெங் செங்கிடமிருந்து நுழைவுச்சீட்டுகள், தனியார் விமானத்தில் தோஹா பயணம், ஹோட்டல் தங்கல் எல்லாம் வந்தன. வேறொரு கட்டுமானத் தொழிலதிபரிடமிருந்து விஸ்கி, கோல்ஃப் மட்டைகள், பிராம்டன் சைக்கிள் வந்தன. எல்லாக் குற்றச்சாட்டுகளையும் சேர்த்தால் மதிப்பு 4 லட்சம் வெள்ளியைத் தாண்டியது. பழகிய நண்பர்கள் கொடுத்தவை என்ற விளக்கம் தண்டனையைத் தடுக்கவில்லை.

இங்கேயே இன்னொரு தவறும் இருக்கிறது: "பிறகு காசு கட்டிவிட்டால் சரியாகிவிடும்." 2022 டிசம்பரில் நடந்த தோஹா பயணத்தில் திரும்பி வந்த பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டின் விலை 5,700 வெள்ளி. 2023 மே மாதம் வேறொரு விசாரணைக்காக லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு தோஹாவுக்குப் போன தனியார் விமானத்தின் பயணிகள் பட்டியலைக் கைப்பற்றியது ஓங் மூலம் ஈஸ்வரனுக்குத் தெரிய வந்தது. ஈஸ்வரன் அந்த டிக்கெட்டுக்குத் தமக்கு பில் அனுப்பச் சொல்லிக் காசோலை கொடுத்தார். அந்தக் காசோலையே நீதிக்கு இடையூறு விளைவித்த குற்றமாக அவர் ஒப்புக்கொண்ட ஐந்து குற்றச்சாட்டுகளில் ஒன்றாகிவிட்டது. அதற்கு உடந்தையாக இருந்ததற்காக 2025 ஆகஸ்டில் ஓங்குக்கு 30,000 வெள்ளி அபராதம்; கடுமையான உடல்நலக் குறைவைக் கருதிச் சிறை தவிர்க்கப்பட்டது. பொருளை வாங்கும்போதே விலை கொடுத்திருந்தால் அது வேறு கதை.

"சின்ன விஷயம், தொழிலில் வழக்கம்தானே"

அமைச்சர் கதை நமக்கு எதற்கு என்று தோன்றலாம். ஒரு கற்பனையை எடுத்துக்கொள்வோம். ஒரு உணவக முதலாளியின் சமையல்காரர் விண்ணப்பம் இழுத்துக்கொண்டே போகிறது. கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்குத் தீபாவளியன்று ஹேம்பர் ஒன்று அனுப்புகிறார். உள்ளே பலகாரமும் 200 வெள்ளி வவுச்சரும். அவர் மனதில் கெட்ட எண்ணம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம்.

ஊழல் தடுப்புச் சட்டத்தின் 8ஆவது பிரிவு இங்கே அவருக்கு எதிராக நிற்கும். அரசோடு அலுவல் உள்ள ஒருவர், அல்லது அலுவலை நாடும் ஒருவர், அரசு ஊழியருக்கு எதையாவது கொடுத்தார் என்று நிரூபணமானால், அது ஊழல் நோக்கத்தோடு கொடுக்கப்பட்டதாகவே கருதப்படும். இல்லை என்று காட்ட வேண்டியது குற்றம் சாட்டப்பட்டவரின் பொறுப்பு. வழக்கமாக அரசுத் தரப்பின் தோளில் கிடக்கும் சுமை இங்கே மாறிவிடுகிறது. "எங்கள் தொழிலில் இது வழக்கம்" என்று சாட்சி சொல்லவும் முடியாது, 23ஆவது பிரிவு அதை ஏற்பதில்லை. "அந்த விண்ணப்பத்தை முடிவு செய்யும் அதிகாரமே எனக்கு இல்லையே" என்ற வாதமும் வாங்கிய அதிகாரியைக் காப்பாற்றாது. அதிகாரி ஹேம்பரைத் திருப்பி அனுப்பிவிட்டாலும் கொடுக்க முன்வந்ததே குற்றமாகலாம். அரசு ஊழியரோ அரசு ஒப்பந்தமோ சம்பந்தப்படாத வழக்குகளிலும் இந்தச் சட்டம் பாயும். அங்கே அதிகபட்சம் ஐந்து ஆண்டுச் சிறை. நாடாளுமன்ற உறுப்பினரோ அரசு ஒப்பந்தமோ சம்பந்தப்பட்டால் ஏழு ஆண்டு வரை போகும்.

கையூட்டு என்றால் பணம் என்று மட்டும் நினைப்பதும் இதோடு சேர்ந்த தவறு. கடன், கமிஷன், வேலை, ஒப்பந்தம், கடனைத் தள்ளுபடி செய்வது, ஏதாவது ஒரு சலுகை என்று அந்தச் சட்டம் பட்டியலை நீட்டிக்கொண்டே போகிறது. அதிகாரியின் மகனுக்கு விடுமுறையில் ஒரு வேலை போட்டுக் கொடுப்பதும் அந்தப் பட்டியலுக்குள் வந்துவிடும்.

"எனக்கு உள்ளே ஆள் இருக்கிறார்"

விவரமான மனு எழுதித் தரவும், எந்த அமைச்சின் எந்தப் பிரிவிடம் கேட்க வேண்டும் என்று சொல்லவும் ஆலோசகருக்குச் சம்பளம் கொடுப்பது லாபியிங்கின் இயல்பான பகுதி. அதே ஆலோசகர், "கடிதமெல்லாம் வேண்டாம், நான் பேசிக்கொள்கிறேன், அனுமதி கிடைத்ததும் 5,000 வெள்ளி கொடுங்கள்" என்றால் நாம் வாங்குவது என்ன என்று யோசிக்க வேண்டும். யாரைப் பார்த்தார், என்ன சொன்னார் என்று அவரால் எழுதித் தர முடியவில்லை. ரசீதில் "சேவைக் கட்டணம்" என்று மட்டும் இருக்கிறது. காசு முடிவோடு கட்டப்பட்டிருக்கிறது. இவை மூன்றும் சேர்ந்தால் அந்த 5,000இல் ஒரு பகுதி வேறு யாருக்கோ போகிறது என்ற சந்தேகம் நியாயமானது. கனடாவில் லாபியிங் ஆலோசகர்கள் வெற்றிக் கட்டணம் வாங்குவதையே சட்டம் தடுக்கிறது. அந்தத் தடை எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது.

மக்கள் சந்திப்பு நிகழ்வில் நாடாளுமன்ற உறுப்பினர் நமக்காக எழுதித் தரும் கடிதம் இதிலிருந்து முற்றிலும் வேறு. அதற்கு யாரும் காசு வாங்குவதில்லை, முடிவு அமைச்சின் கையில்.

"பதிவேட்டில் இருந்தால் வெள்ளை, இல்லாவிட்டால் கறுப்பு"

சிங்கப்பூரில் லாபியிங் செய்வோருக்கென்று பொதுப் பதிவேடு கிடையாது. கொடுக்கல் வாங்கலை இறுக்கிப் பிடிக்கும் சட்டங்கள் இருக்கின்றன; யார் யாரைப் பார்த்து என்ன கேட்டார்கள் என்பதைப் பொதுமக்கள் பார்க்க வழி இல்லை. அமைச்சர்களின் அன்பளிப்பு விவரம் அமைச்சின் நிரந்தரச் செயலாளரிடம் போகிறது, அதுவும் உள்ளேயே நின்றுவிடுகிறது.

வெளிப்படுத்தும் கடமை இங்கே நன்கொடையில்தான் தெளிவாக இருக்கிறது. 2023 இறுதியில் அரசியல் நன்கொடை விதிகள் வெளிநாட்டுத் தலையீட்டுத் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. 10,000 வெள்ளியும் அதற்கு மேலும் கொடுக்கப்படும் நன்கொடைகளைக் கட்சிகள் தெரிவிக்க வேண்டும். பெயர் சொல்லாமல் வரும் நன்கொடை ஆண்டுக்கு மொத்தம் 5,000 வெள்ளிக்குள் அடங்க வேண்டும். கொடுக்கக்கூடியவர்கள் 21 வயது நிறைந்த குடிமக்களும் சிங்கப்பூரர்களின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களும்தான். நிரந்தரவாசியாக இருக்கும் உணவக முதலாளிகள் பலர் இதைக் கவனிப்பதில்லை. பல ஆண்டு வரி கட்டியிருந்தாலும் அவர்களால் கட்சிக்கு நன்கொடை தர முடியாது.

பதிவேடு என்றால் என்ன தெரியும் என்பதை அயர்லாந்தில் பார்க்கலாம். 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, வரம்புக்குள் வரும் அமைப்புகள் ஆண்டுக்கு மூன்று முறை அறிக்கை தாக்கல் செய்கின்றன. நம் உணவகச் சங்கம் அங்கே இருந்திருந்தால் இப்படி எழுதியிருக்கும்: எந்த அதிகாரியிடம் பேசினோம், விஷயம் சமையல்காரர்களின் வேலை அனுமதி, விரும்பிய முடிவு விதித் தளர்வு, முறை இரண்டு கடிதம் ஒரு சந்திப்பு. அது இணையத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கும் இடத்தில் இருக்கும். எதிர்த் தரப்புக்கும், உதாரணமாக உள்ளூர்ச் சமையல்காரர்களின் சம்பளம் குறையுமே என்று கவலைப்படுபவருக்கும், பதில் சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைக்கும்.

ஆனால் பதிவேட்டின் வலையில் ஓட்டைகளும் உண்டு. பிரிட்டனின் 2014ஆம் ஆண்டுச் சட்டம் பிறருக்காகக் காசு வாங்கி லாபியிங் செய்பவர்களையே பதிவு செய்யச் சொல்கிறது. 2020இல் முன்னாள் பிரதமர் டேவிட் கேமரன், கிரீன்சில் என்ற நிதி நிறுவனத்தைக் கோவிட் கடன் திட்டத்தில் சேர்க்கச் சொல்லி அன்றைய நிதியமைச்சர் ரிஷி சுனக்குக்குக் கைப்பேசிச் செய்திகள் அனுப்பினார். அவர் அந்த நிறுவனத்தின் ஊழியர் என்பதால் பதிவு செய்யத் தேவையில்லை என்று பதிவாளர் 2021இல் முடிவு செய்தார். அவர் கேட்டது கிடைக்கவில்லை, சட்டத்தையும் அவர் மீறவில்லை. அத்தனை பெரிய மனிதரின் முறையீடு பதிவேட்டில் ஒரு வரியாகக்கூட ஏறவில்லை. செய்தியாளர்கள் தோண்டி எடுத்த பிறகே வெளியே வந்தது.

அதனால் பதிவேட்டில் பெயர் இருப்பது நேர்மைக்குச் சான்று ஆகாது, இல்லாதது குற்றத்துக்குச் சான்றும் ஆகாது. பதிவு செய்த ஒருவர் இரகசியமாக உறை கொடுத்தால் அதைப் பதிவேடு காட்டாது. அதைப் பிடிப்பது புலனாய்வுப் பிரிவின் வேலை. சிங்கப்பூரில் ஒரு சங்கம் செய்யக்கூடியது எளிது: யாரைச் சந்தித்தோம், என்ன கேட்டோம், அதிகாரிக்கு டீயைத் தவிர எதுவும் தரவில்லை என்று குறிப்பேட்டில் எழுதி, உறுப்பினர் கூட்டத்தில் வாசித்துவிடலாம். அனுப்பிய மனுவைச் சங்கத்தின் இணையத்தளத்திலும் போடலாம். அதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை.