சம்பள அரியர் மொத்தமாக வந்தால்: கணக்குப் போடுவதும் கூடுதல் வரியைக் குறைப்பதும்

கேரளத்தில் 11-வது சம்பளத் திருத்தம் 1.7.2019 முதல் செல்லும் என்று உத்தரவு வந்தது 2021 பிப்ரவரியில். ஒன்றரை ஆண்டுக்கு மேல் பின்தேதியிட்ட உத்தரவு. அரசு வேலையானாலும் கூட்டுறவுச் சங்கமானாலும் சம்பளத் திருத்தம் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. இடைப்பட்ட மாதங்களின் வித்தியாசம் பிறகு அரியராகக் கைக்கு வரும், அல்லது பி.எஃப். கணக்கில் ஏறும். வந்த ஆண்டில் வரியும் ஒரு தூக்குத் தூக்கும். சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வாளையார் பக்கம் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு உத்தரவு மலையாளத்தில், ஸ்பார்க் சம்பள மென்பொருளின் திரை ஆங்கிலத்தில் என்று இருப்பதால், கணக்கை கிளார்க் கையில் விட்டுவிடும் பழக்கம் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் நீங்களே போட்டுவிடலாம்.

கொழிஞ்சாம்பாறையில் ஒரு கிளார்க் அக்கா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நான் வைத்தவை. அவருடைய நிறுவனம் 2024-ல் சம்பளத்தைத் திருத்தி, 1.4.2022 முதல் செல்லும் என்று சொல்லியிருக்கிறது. 2024 ஏப்ரல் முதல் புதுச் சம்பளம் மாதாமாதம் வருகிறது. அதற்கு முந்தைய 24 மாத அரியர் 2024-25 நிதியாண்டிலேயே மொத்தமாக வந்துவிட்டது.

படி 1: டியூ-ட்ரான் போடுங்கள்

ஆபீஸில் டியூ-ட்ரான் ஸ்டேட்மென்ட் என்பார்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு வரி. ஒரு பக்கம் கிடைத்திருக்க வேண்டியது, மறுபக்கம் உண்மையில் வாங்கியது. எக்செல்லில் B, C பத்திகளில் புது அடிப்படைச் சம்பளமும் புது டி.ஏ.வும், D, E-யில் பழையவை என்று வைத்தால் வித்தியாசத்துக்கு இது போதும்:

```
=(B2+C2)-(D2+E2)
```

அக்காவின் பழைய அடிப்படை ரூ.36,000, டி.ஏ. 20%. ஆக மாதம் ரூ.43,200. திருத்தத்தில் பழைய டி.ஏ. அடிப்படையோடு சேர்ந்துவிட்டதால் புது அடிப்படை ரூ.50,000, டி.ஏ. பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். 50,000-லிருந்து 36,000-ஐக் கழித்து "மாதம் 14,000 அரியர்" என்று கனவு காண்பார்கள். பழைய டி.ஏ. 7,200-ஐயும் வாங்கியிருக்கிறீர்களே! அதையும் கழித்தால் மாத வித்தியாசம் ரூ.6,800 மட்டும்.

2022 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை 9 மாதம் இப்படியே போகட்டும்: ரூ.61,200. 2023 ஜனவரியில் புது டி.ஏ. 4% ஆகிறது. புதுச் சம்பளம் 52,000, வித்தியாசம் 8,800. மூன்று மாதத்துக்கு ரூ.26,400. ஆக 2022-23 ஆண்டுக்கு அரியர் ரூ.87,600.

2023 ஏப்ரலில் இன்கிரிமென்ட். பழைய அடிப்படை 37,000, டி.ஏ. சேர்த்து 44,400. புது அடிப்படை 51,250, டி.ஏ. 4% சேர்த்து 53,300. வித்தியாசம் 8,900. இன்கிரிமென்ட்டைப் பழைய அளவிலேயே இரண்டு பக்கமும் எழுதிவிடாதீர்கள். புது ஸ்கேலில் அதன் தொகை பெரியது. ஆண்டு முழுவதும் டி.ஏ. மாறவில்லை என்று வைத்தால் 12 மாதத்துக்கு ரூ.1,06,800.

இரண்டும் சேர்த்து ரூ.1,94,400.

வீட்டு வாடகைப் படியை நான் சேர்க்கவில்லை. அடிப்படையும் டி.ஏ.வும் பின்தேதியிலிருந்து வந்தாலும், படிகள் வேறு தேதியிலிருந்துதான் கூடும் என்று உத்தரவுகள் சொல்வதுண்டு. அந்தப் பத்தியைத் தனியாகப் படியுங்கள். சம்பளமில்லா விடுப்பு எடுத்த மாதங்களில் புதுச் சம்பளத்தையும் அதே நாள் கணக்கில் குறைத்து எழுத வேண்டும். பழைய டி.ஏ. நிலுவை பின்னால் தனி பில்லில் வந்திருந்தால், அதையும் அந்தந்த மாதத்தின் 'வாங்கியது' பக்கத்தில் போடுங்கள். ஆபீஸ் கணக்கும் உங்கள் கணக்கும் ஒத்துவராவிட்டால் முதலில் இந்த இரண்டு இடத்தைப் பாருங்கள்.

படி 2: அரியரை நிதியாண்டு வாரியாகப் பிரியுங்கள்

மேலே மாதவாரியாகப் போட்டதால் பிரிவினை தானாகவே கிடைத்துவிட்டது: 2022-23-க்கு 87,600, 2023-24-க்கு 1,06,800. வரிக் கணக்குக்கு மொத்த அரியர் வேண்டும், பி.எஃப்., என்.பி.எஸ். பிடித்தம் போகக் கைக்கு வந்த தொகை அல்ல. பி.எஃப்.-இல் ஏற்றிவிட்டார்கள், கையில் காசே வரவில்லை என்றாலும் ஏற்றிய ஆண்டில் அது சம்பள வருமானம்தான். பலருக்கு இது கசக்கும்.

படி 3: இந்த ஆண்டு வரி எவ்வளவு கூடியது?

2024-25-இல் அக்காவின் வழக்கமான சம்பளம், அரியர் இல்லாமல், ரூ.6,79,200. அவர் புது வரிமுறையில் இருக்கிறார். நிலையான கழிவு 75,000 போக ரூ.6,04,200. அந்த ஆண்டு புது முறையில் 7 லட்சம் வரை 87ஏ தள்ளுபடி உண்டு என்பதால் வரி பூஜ்யம்.

அரியரைச் சேர்த்தால் ரூ.7,98,600. 7 லட்சத்தைத் தாண்டியதும் தள்ளுபடி போய்விடுகிறது. 3 முதல் 7 லட்சம் வரை 5%, அதாவது 20,000. மீதி 98,600-க்கு 10%, அதாவது 9,860. மொத்தம் 29,860. 4% செஸ் சேர்த்தால் ரூ.31,054.

பூஜ்யத்திலிருந்து முப்பத்தோராயிரம்! இந்த அதிர்ச்சிக்குத்தான் வருமான வரிச் சட்டம் 1961-இன் 89-வது பிரிவு நிவாரணம் வைத்திருக்கிறது. புது வரிமுறையில் இது கிடையாது என்று சிலர் சொல்வார்கள். தவறு, இரண்டு முறையிலும் உண்டு.

படி 4: அன்றே கிடைத்திருந்தால் எவ்வளவு கட்டியிருப்பீர்கள்?

இப்போது பழைய ஆண்டுகளுக்குப் போக வேண்டும். அந்தந்த ஆண்டின் வரி விகிதம், நீங்கள் அந்த ஆண்டு இருந்த வரிமுறை, அப்போது ரிட்டர்னில் காட்டிய வருமானம் ஆகியவற்றை எடுங்கள். இன்றைய ஸ்லாபைப் பழைய ஆண்டுக்குப் போடக் கூடாது.

2023-24 எளிது. அக்கா அந்த ஆண்டு புது முறையில் இருந்தார். வாடகைப் படி மாதம் 1,500 சேர்த்து ஆண்டுச் சம்பளம் 5,50,800, கழிவு 50,000 போக 5,00,800. அரியர் 1,06,800-ஐச் சேர்த்தால் 6,07,600. அந்த ஆண்டும் 7 லட்சம் வரை தள்ளுபடி உண்டு. இரண்டு விதத்திலும் வரி பூஜ்யம், கூடுதல் பூஜ்யம்.

2022-23-இல் தான் சங்கதி இருக்கிறது. அக்கா அப்போது பழைய முறையில் இருந்தார். அதே வாடகைப் படி சேர்த்துச் சம்பளம் 5,36,400. நிலையான கழிவு 50,000, 80சி முதலீடு 60,000 போக வரி வருமானம் ரூ.4,26,400. தொழில் வரியைக் கணக்குச் சுருங்க விட்டுவிடுகிறேன். பழைய முறையில் 5 லட்சம் வரை தள்ளுபடி என்பதால் அன்று வரி கட்டவில்லை. அரியர் 87,600-ஐச் சேர்த்தால் ரூ.5,14,000. கோட்டைத் தாண்டியது வெறும் 14,000. ஆனால் தள்ளுபடி முழுதும் போய்விட்டது: 2.5 முதல் 5 லட்சம் வரை 5% என்று 12,500, மேலே உள்ள 14,000-க்கு 20% என்று 2,800. செஸ் சேர்த்து ரூ.15,912.

14,000 ரூபாய் தாண்டியதற்கு ஏறக்குறைய 16,000 ரூபாய் வரி. புது முறையில் கோட்டைச் சற்றே தாண்டுவோருக்கு விளிம்புச் சலுகை இருக்கிறது; பழைய முறையின் இந்தக் கோட்டில் அது இல்லை. "80சி-யில் இன்னும் 14,000 காட்டியிருக்கலாமே" என்று இப்போது தோன்றும். அன்று காட்டாத கழிவை இன்று இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

படி 5: நிவாரணம்

```
நிவாரணம் = 31,054 - (15,912 + 0) = 15,142
```

இந்த ஆண்டு கூடிய வரியில் ரூ.15,142 குறையும். அக்கா கட்ட வேண்டியது மீதி ரூ.15,912, அரியர் உரிய காலத்தில் வந்திருந்தால் கட்டியிருக்கக்கூடிய அதே தொகை. கழித்தது சரிதானா என்று பார்க்க இது ஒரு வழி: நிவாரணம் போக மிஞ்சும் கூடுதல் வரியும் பழைய ஆண்டுகளின் கூடுதல் வரியும் பைசா பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். கழித்துப் பார்த்தால் மைனஸ் வருகிறதா? அப்போது நிவாரணம் இல்லை, கூடுதலாகக் கட்டவும் வேண்டியதில்லை. படிவமும் தேவையில்லை.

படி 6: ஃபார்ம் 10இ

வருமான வரித் தளத்தில் நுழைந்து `e-File` > `Income Tax Forms` > `File Income Tax Forms` போய் `Form 10E`-ஐத் தேர்ந்தெடுங்கள். மதிப்பீட்டு ஆண்டாக அரியர் கைக்கு வந்த நிதியாண்டுக்கு அடுத்ததைக் கொடுக்க வேண்டும். அக்காவுக்கு `2025-26`. அரியர் எந்த ஆண்டுகளுக்கு உரியதோ அவற்றுக்குத் தனித்தனிப் படிவம் போடுவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. ஒரே படிவம்தான். உள்ளே சம்பள அரியருக்கு `Annexure I`. அதன் `Table A`-இல் ஆண்டுக்கு ஒரு வரி: அந்த ஆண்டின் வருமானம், அரியர், சேர்த்த வருமானம், இரண்டுக்கும் வரி, வித்தியாசம். படி 4-இல் எழுதிய எண்கள் அப்படியே இங்கே வரும்.

படிவத்தை அனுப்பிவிட்டு அதன் பிறகே ரிட்டர்ன் போடுங்கள். ரிட்டர்னில் 89-வது பிரிவு நிவாரணத்துக்கான கட்டத்தில் அதே தொகை இருக்க வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் பெறும் அரியருக்கு 2025-இன் புதிய சட்டம் பொருந்தும் என்பதால் பிரிவு எண்ணையும் படிவ எண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரசு, கூட்டுறவு, கல்வி நிறுவன ஊழியர்கள் இந்தக் கணக்கைச் சம்பளம் போடும் அதிகாரியிடம் முன்கூட்டியே கொடுத்தால், அவர் நிவாரணத்தைக் கழித்துக்கொண்டு டி.டி.எஸ். பிடிக்கலாம். அரியர் வரும் மாதச் சம்பளம் மொட்டையாகாமல் தப்பும். அவர் கழித்துக்கொண்டார் என்பதற்காக 10இ-யைத் தளத்தில் போடாமல் விட்டால், ரிட்டர்னில் காட்டிய நிவாரணத்தை மறுத்து, வட்டியோடு வரி கேட்டு 143(1) அறிவிப்பு வரும். அப்படி வந்தால் திருத்திய ரிட்டர்னுக்கான கடைசித் தேதி தாண்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தாண்டவில்லை என்றால் 10இ-யைப் போட்டுவிட்டு, திருத்திய ரிட்டர்ன் தாக்கல் செய்துவிடலாம்.