கூகுள் டாக்ஸில் பேசி எழுதும்போது முற்றுப்புள்ளி வைப்பது எப்படி?

பேசினால் எழுத்தாகிறது என்றதும் முதல் நாள் எல்லாருக்கும் குஷி. பத்து வாக்கியம் பேசிவிட்டுத் திரையைப் பார்த்தால் ஒரு புள்ளிகூட இல்லாமல் மூச்சுமுட்ட ஒரே வரி. ‘கமா’ என்று சொன்னால் ‘கமா’ என்றே எழுதி வைத்திருக்கும். அங்கேயே பாதிப் பேர் மைக்கை அணைத்துவிட்டுத் தட்டச்சுக்குத் திரும்பிவிடுகிறார்கள். கணினியில் கூகுள் டாக்ஸை வைத்து இதைச் சரிசெய்யும் வழியைப் பார்ப்போம்.

மைக்கை எழுப்புதல்

குரோம் உலாவியில் ஒரு டாக்ஸ் கோப்பைத் திறந்து, `Tools` மெனுவில் `Voice typing` என்பதைச் சொடுக்குங்கள். விண்டோஸில் `Ctrl+Shift+S` அழுத்தினாலும் போதும். பக்கத்தில் ஒரு மைக் பெட்டி வரும். அதன் மேலே மொழிப் பட்டியல் இருக்கிறது. தமிழில் எழுத தமிழையும், ஆங்கிலத்தில் எழுத ஆங்கிலத்தையும் அங்கே தேர்ந்தெடுக்க வேண்டும். மைக்கைச் சொடுக்கியதும் அனுமதி கேட்டால் கொடுங்கள். அது சிவப்பாக இருக்கும்வரை கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பாதியில் வேறு தாவலுக்குப் போனால் நின்றுவிடும். அது தெரியாமல் ஒரு பக்கம் பேசித் தீர்த்தவர்கள் உண்டு, நானும் ஒருவன்.

ஆங்கிலக் கடிதம் என்றால்

ஆங்கிலத்தில் வேலை சுலபம். `period`, `comma`, `question mark`, `new line`, `new paragraph` என்று சொன்னால் அந்தந்தக் குறி விழும். திருத்தும் கட்டளைகளும் உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை: உங்கள் கூகுள் கணக்கின் மொழி, கோப்பின் மொழி இரண்டும் ஆங்கிலமாக இருக்க வேண்டும். கோப்பின் மொழியை `File` மெனுவில் `Language` என்ற இடத்தில் மாற்றலாம். கட்டளை வேலை செய்யவில்லை என்று குழம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

குடியிருப்புச் சங்கத்துக்கு லிப்ட் பற்றி ஒரு கடிதம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். இப்படிச் சொல்கிறீர்கள்:

```
The lift in B block has not worked since Monday period
```

பிறகுதான் ஞாபகம் வருகிறது, நின்றது செவ்வாய்க்கிழமை. அப்போது வரிசையாக இதைச் சொல்லுங்கள்:

```
Select Monday
Tuesday
Go to end of paragraph
```

முதல் கட்டளை அந்தச் சொல்லைத் தேர்வு செய்கிறது, இரண்டாவதாகச் சொன்ன சொல் அதன் இடத்தில் உட்காருகிறது, மூன்றாவது உங்களைப் பத்தியின் கடைசிக்குக் கொண்டுவருகிறது. இந்த மூன்றாவதை மறந்தால் அடுத்த வாக்கியம் நடுவில் போய் விழும். ஒவ்வொரு கட்டளைக்கு முன்னும் பின்னும் ஒரு கணம் நிறுத்துங்கள். நிறுத்தாமல் சொன்னால் கட்டளையும் கடிதத்தோடு சேர்ந்துவிடும். சில நேரம் கட்டளைச் சொற்கள் ஒரு நொடி திரையில் தெரிந்து மறையும், பதறவேண்டாம்.

`Delete` என்று மட்டும் சொன்னால் கர்சருக்கு முன்னால் இருக்கும் சொல் போய்விடும். தவறாக எதையாவது அழித்துவிட்டால் `Undo`. யாராவது கதவைத் தட்டினால் `Stop listening`, திரும்பி வந்ததும் மைக்கை மறுபடி சொடுக்குங்கள். தொடக்கத்துக்கு இவ்வளவு போதும்.

தமிழ்க் கடிதம் என்றால்

தமிழில் சொல்லை நன்றாகவே பிடித்துக்கொள்கிறது. குறிகளும் கட்டளைகளும்தான் கிடையாது. கையால் புள்ளி வைக்க முடிந்தவர்கள், மைக் ஓடும்போதே விசைப்பலகையில் புள்ளியைத் தட்டலாம். மைக்கை அணைக்க வேண்டியதில்லை. சொன்னது முழுதாகத் திரையில் வந்த பிறகே தட்டுங்கள், இல்லாவிட்டால் புள்ளி இடம் மாறிவிடும். புதுப் பத்திக்கும் அதேபோல் `Enter`.

கை வலிக்கிறது, அல்லது நடந்துகொண்டே பேச வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்லும் வழி வேறு. குறியின் பெயரை வாயால் சொல்லிக்கொண்டே போய்விடுங்கள். பெயரைக் குறியாக்கும் வேலையைக் கடைசியில் ஒரே மூச்சில் முடித்துக்கொள்ளலாம். தெருவில் தண்ணீர் வராததைப் பற்றி ஒரு கடிதம், பேசி முடித்ததும் திரையில் இப்படி இருக்கும்:

```
வணக்கம் காற்புள்ளி எங்கள் தெருவில் மூன்று நாட்களாக குடிநீர் வரவில்லை முற்றுப்புள்ளி குழாயில் உடைப்பா மோட்டார் பழுதா கேள்விக்குறி இன்று மாலைக்குள் ஆள் அனுப்புங்கள் முற்று புள்ளி
```

கடைசியில் ‘முற்று புள்ளி’ இரண்டு சொல்லாகப் பிரிந்து நிற்பதைக் கவனியுங்கள். ஒரே மாதிரிச் சொன்னாலும் ஒரே மாதிரி எழுதாது. அதனால் இரண்டு வடிவத்தையும் பிடிக்கிற வலை வேண்டும். `Ctrl+H` அழுத்தினால் தேடி மாற்றும் பெட்டி வரும். அதில் `regular expressions` என்று குறிப்பிடும் கட்டத்தில் டிக் செய்துவிட்டு, தேடும் இடத்தில் இதை அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள்:

```
\s*முற்று(ப்)?\s*புள்ளி
```

மாற்றும் இடத்தில் ஒரே ஒரு புள்ளி. `\s*` என்பது அங்கே இடைவெளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிடி என்று சொல்கிறது. முன்னால் உள்ள இடைவெளியையும் அது விழுங்கிவிடுவதால் புள்ளி முந்தைய சொல்லோடு ஒட்டி நிற்கும். `(ப்)?` என்றால் அந்த ஒற்று இருக்கலாம், இல்லாமலும் போகலாம். காற்புள்ளிக்கும் கேள்விக்குறிக்கும் இதே வேலையைத் தனித்தனியாகச் செய்யுங்கள்:

```
\s*(காற்|கால்)\s*புள்ளி
\s*கேள்வி(க்)?\s*குறி
```

முடிவில் கிடைப்பது:

```
வணக்கம், எங்கள் தெருவில் மூன்று நாட்களாக குடிநீர் வரவில்லை. குழாயில் உடைப்பா மோட்டார் பழுதா? இன்று மாலைக்குள் ஆள் அனுப்புங்கள்.
```

எல்லாவற்றையும் மாற்று என்ற பொத்தானை உடனே அழுத்திவிடாதீர்கள். ‘இந்தச் சண்டைக்கு முற்றுப்புள்ளி வைக்க வேண்டும்’ என்று நீங்களே கடிதத்தில் எழுதியிருந்தால், அது ‘இந்தச் சண்டைக்கு. வைக்க வேண்டும்’ ஆகிவிடும். ‘கேள்விக்குறியாகிவிட்டது’ என்ற சொல் ‘?யாகிவிட்டது’ என்று உடைந்து நிற்கும். எனக்கு ஒருமுறை இது நடந்து, அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். சின்னக் கடிதத்தில் ஒவ்வொன்றாக `Replace` அழுத்திப் போங்கள். பெரிய கட்டுரையில் இந்த இரண்டு சொல்லையும் பேச்சில் தவிர்த்துவிடுவது நல்லது.

இதற்குப் பிறகும் கையால் பார்க்க வேண்டியது ஒற்றுப்பிழை. மேலே ‘நாட்களாக குடிநீர்’ என்று வந்திருக்கிறது, ‘நாட்களாகக் குடிநீர்’ என்றிருக்க வேண்டும். காதில் தெளிவாக விழாத ஒற்றை மைக் பெரும்பாலும் விட்டுவிடும். இன்னொன்று, ‘வரல’, ‘அனுப்புங்க’ என்று பேசினால் அதையே எழுதும். கடிதத்தில் எந்த நடை வேண்டுமோ அதே நடையில் பேசுங்கள்.

போனில் செய்தி அனுப்பும்போது

டாக்ஸின் `Voice typing` கணினியில்தான் உண்டு. போனில் விசைப்பலகையின் மைக்தான் வழி. வாட்ஸ்அப்பில் இந்தத் தேடி மாற்றும் வசதியும் கிடையாது. அங்கே குறிப் பெயரைச் சொல்லிக்கொண்டே போனால், ‘சாப்பிட்டாயா கேள்விக்குறி’ என்று அப்படியே அம்மாவுக்குப் போய்ச் சேரும். ஒரு வாக்கியம் பேசுங்கள், மைக்கை நிறுத்துங்கள், குறியைத் தட்டுங்கள், அப்புறம் அடுத்த வாக்கியம். நான்கு வரிக்கு மேல் போகும் செய்தியை நான் டாக்ஸில் பேசித் திருத்திவிட்டு, வாட்ஸ்அப் வெப்பில் ஒட்டி அனுப்புகிறேன்.