சின்ன லித்தியம் செல்லா? TP4056 போர்டில் ஒரு ரெசிஸ்டரை மாற்றுங்கள்

TP4056 சார்ஜர் போர்டு பெரும்பாலும் 1 ஆம்பியருக்கு அமைக்கப்பட்டே வரும். 2000 மில்லி ஆம்பியர் மணி செல்லுக்கு அது சரி. 500 மில்லி ஆம்பியர் மணி செல்லுக்கு அது கொள்ளளவைப் போல இரு மடங்கு மின்னோட்டம்; செல் சூடாகும், உப்பும்.

அளவைத் தீர்மானிப்பது சிப்பின் 2-ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் ரெசிஸ்டர். 1200-ஐ அதன் ஓம் மதிப்பால் வகுத்தால் ஏறத்தாழ ஆம்பியர் கிடைக்கும். போர்டில் இருப்பது 1.2 கிலோ ஓம். அதை எடுத்துவிட்டு 5.1 கிலோ ஓம் வைத்தால் சுமார் 235 மில்லி ஆம்பியர். 500 செல்லுக்கு அதுவே போதும். செல்லை இணைக்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

வாங்கும்போது B+, B- தவிர OUT+, OUT- முனைகளும் உள்ள போர்டாகப் பாருங்கள். அதில்தான் பாதுகாப்புச் சிப் இருக்கும். செல் B முனைகளில், லோடு OUT முனைகளில். லோடையும் B முனைகளிலேயே கோத்தால் பாதுகாப்பைத் தாண்டி மின்சாரம் ஓடும், செல் அடிவரை வற்றிவிடும்.

இந்த போர்டுகளில் வழக்கமாக வரும் DW01A பாதுகாப்புச் சிப் சுமார் 2.4 வோல்ட்டில்தான் துண்டிக்கும். என் கணக்கில் அது கடைசி அரண் மட்டுமே. மைக்ரோகண்ட்ரோலர் இருந்தால் 3.0 வோல்ட்டிலேயே லோடை நிறுத்தச் சொல்லுங்கள். துண்டித்த செல்லையும் அப்படியே போட்டுவைக்காதீர்கள்; தானாகக் கசிந்து இன்னும் இறங்கும். 2 வோல்ட்டுக்குக் கீழே நாள்கணக்கில் கிடந்த செல்லை மீண்டும் சார்ஜ் செய்ய வேண்டாம். உள்ளே கரைந்த செம்பு ஷார்ட் ஆக்கலாம்.